நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு அறுபது நிமிடக் கேசட்: பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கும் முறை

சென்ற ஆண்டு எனக்கு நாற்பது முடிந்தது. பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே, அன்று இரவு கேட்க ஒரு பாட்டு வரிசை தயார் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதல் நாள் முடிவில் செயலியில் 140 பாட்டுகள் சேர்ந்திருந்தன. ஒன்றுகூட மோசமான பாட்டு இல்லை. ஆனால் கேட்கத் தொடங்கினால், ஏதோ ஒரு பண்பலை வானொலியின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி மாதிரி இருந்ததே தவிர என் வாழ்க்கை மாதிரி இல்லை.

அப்புறம் பழைய வழிக்குத் திரும்பினேன். மாயவரத்தில் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்து, காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நம் சினிமாப் பாட்டு ஒன்று சராசரியாக ஐந்து நிமிடம். ஆக ஏ பக்கம் ஆறு, பி பக்கம் ஆறு, மொத்தம் பன்னிரண்டு. அதற்கு மேல் இடம் கிடையாது. அந்த இடமின்மைதான் அன்று ஒவ்வொரு பாட்டையும் யோசித்து எழுத வைத்தது.

எனவே இதுதான் கணக்கு. ஏ பக்கம், வந்த வழி. பி பக்கம், போகும் வழி. உங்கள் வீட்டில் கேசட் பிளேயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செயலியிலேயே ஆறு ஆறு பாட்டுகளாக இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ளலாம். நான் 1985ல் பிறந்தவன் என்பதால் என் உதாரணங்கள் அந்த வயதுக்காரருடையவை. நீங்கள் ஓரிரு ஆண்டு முன்னே பின்னே இருந்தால் பாட்டுகள் மாறும், முறை மாறாது.

படி 1: கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள்

ஒரு தாள், ஒரு பேனா, இருபது நிமிடம். செயலியைத் திறக்காமல், தேடாமல், மனதில் வரும் பாட்டுகளை எழுதுங்கள். செயலியைத் திறந்தால் அது உங்களுக்குப் பிடித்த பாட்டுகளைக் காட்டும். இங்கே தேவை பிடித்த பாட்டு அல்ல, ஒட்டிக்கொண்ட பாட்டு. இரண்டும் வேறு. எனக்கு மிகவும் பிடித்த பல பாட்டுகள் முப்பது வயதுக்கு மேல் ஹெட்போனில் கேட்டுப் பிடித்தவை. அவற்றோடு எந்த மனிதரும் எந்த இடமும் சேர்ந்து வருவதில்லை.

ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் ஒரு இடத்தையும் ஒரு ஆளையும் எழுதுங்கள். ‘முஸ்தபா முஸ்தபா, பள்ளி மைதானம், கடைசி நாள்’ என்பது மாதிரி. இடமோ ஆளோ எழுத முடியாத பாட்டை அடித்துவிடுங்கள், எவ்வளவு அழகான பாட்டாக இருந்தாலும். என் தாளில் நாற்பத்திரண்டு பாட்டுகள் வந்தன. இந்த ஒரு விதியில் பத்தொன்பது போய்விட்டன.

படி 2: வாழ்க்கையை எட்டு எட்டாகப் பிரியுங்கள்

1995 பொங்கலுக்கு வந்த ‘பாட்ஷா’வில் ‘ரா ரா ராமையா’ பாட்டை எல்லோரும் கேட்டிருப்போம். தேவா இசை, வைரமுத்து எழுத்து, எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரல். மனித வாழ்வை எட்டு எட்டு ஆண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லும் பாட்டு அது. முதல் எட்டு விளையாட்டுக்கு, இரண்டாவது படிப்புக்கு, மூன்றாவது கல்யாணத்துக்கு, நான்காவது பிள்ளைப்பேறுக்கு, ஐந்தாவது பொருள் சேர்க்க. ஆறாவது எட்டு உலகைச் சுற்றிப் பார்க்க.

பத்து வயதில் அதைக் கேட்டபோது ஆட்டம் மட்டும்தான் தெரிந்தது. நாற்பதில் கேட்கும்போது கணக்கு உறைத்தது. ஐயெட்டு நாற்பது. பொருள் சேர்க்கும் எட்டு முடிந்து, உலகம் பார்க்கும் எட்டு தொடங்கும் நாள்தான் நாற்பதாவது பிறந்தநாள்.

பாட்டு சொல்லும் அட்டவணைப்படி நீங்கள் வாழ்ந்தீர்களா என்று மதிப்பெண் போட வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆனது நான்காவது எட்டில். என் நண்பர்களில் ஐந்தாவது எட்டில் குழந்தை பெற்றவர்கள் உண்டு, கல்யாணமே செய்துகொள்ளாதவர்களும் உண்டு. அட்டவணையை விட்டுவிட்டுப் பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1985ல் பிறந்தவருக்கு அவை ஏறத்தாழ 1985–93, 1993–2001, 2001–09, 2009–17, 2017–25.

இப்போது மிஞ்சிய பாட்டுகளை இந்த ஐந்து பெட்டிகளில் போடுங்கள். படம் வந்த ஆண்டைப் பார்க்காதீர்கள், பாட்டு உங்களுக்கு நேர்ந்த ஆண்டைப் பாருங்கள். ‘காதல் தேசம்’ வந்தது 1996ல். ஆனால் ‘முஸ்தபா முஸ்தபா’ எனக்கு நேர்ந்தது 2002ல், பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவுபசார நாளில், ஒலிபெருக்கி கரகரக்க. அது என் மூன்றாவது பெட்டிப் பாட்டு.

போட்டு முடித்ததும் ஒன்றைக் கவனிப்பீர்கள். இரண்டாவது, மூன்றாவது பெட்டிகள் வழியும். நான்காவதும் ஐந்தாவதும் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். இது உங்கள் குறை அல்ல. மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகள்தான் அதிகமாகத் தங்குகின்றன என்பது நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. பாட்டுகளில் அது இன்னும் கூர்மையாகத் தெரியும். என் இருபத்து மூன்றில் பதினேழு அந்த இரண்டு பெட்டிகளில் கிடந்தன.

இங்கேதான் பெரும்பாலான ‘நாற்பது வயதுப் பாட்டு வரிசைகள்’ கெட்டுப்போகின்றன. வழிகிற பெட்டியிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம். விளைவு, இருபத்தைந்து வயதோடு வாழ்க்கை முடிந்துவிட்ட ஒருவருடைய பட்டியல். அதைக் கேட்டுவிட்டு எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை வராது, ஏக்கம்தான் வரும்.

ஆகவே காலியான இரண்டு பெட்டிகளை நிரப்பத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்த வயதின் பாட்டுகள் தேடினால்தான் கிடைக்கும். ஏனென்றால் அவற்றை நாம் உட்கார்ந்து கேட்கவில்லை. குழந்தையைத் தூங்க வைக்கும்போது ஓடியது எது, அலுவலகம் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது ஓடியது எது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து ஆளின் போனில் ஒலித்தது எது என்று யோசியுங்கள். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். என் மனைவி கேட்ட உடனே சொன்னாள், ‘பாப்பா பிறந்தப்போ ஆறு மாசம் ஒரே பாட்டைத்தானே முணுமுணுத்துக்கிட்டு இருந்தீங்க?’ எனக்கு அது சுத்தமாக மறந்திருந்தது.

படி 3: ஒவ்வொன்றையும் முழுதாகக் கேளுங்கள்

இப்போதுதான் கைபேசி. ஒவ்வொரு பாட்டையும் தொடக்க இசையிலிருந்து கடைசிச் சரணம் வரை கேளுங்கள். இருபத்தைந்து பாட்டுகள் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பாட்டு உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோகிறதா, இல்லை ‘அட, நல்ல பாட்டு’ என்று மட்டும் சொல்ல வைக்கிறதா? சில பாட்டுகள் தேய்ந்துபோயிருக்கும். ஐந்து வருடம் காலர் டியூனாக வைத்திருந்த பாட்டும், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் நூறு முறை கேட்ட பாட்டும் பழைய இடத்தை இழந்திருக்கும். அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

‘ஆட்டோகிராப்’ படத்தின் ‘ஞாபகம் வருதே’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது வயது என்றதும் எல்லோரும் முதலில் எழுதும் பாட்டு அது. நல்ல பாட்டுதான். ஆனால் அது நினைவைப் பற்றிய பாட்டு. தன்னுடைய நினைவுகளைத் தானே அடுக்கிச் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்கும்போது எனக்கு என் பள்ளிக்கூடம் வரவில்லை, சேரன் சைக்கிளில் போவதுதான் வந்தது. நினைவைப் பற்றிப் பேசாத பாட்டுதான் நினைவைக் கிளறும். அதை நான் சேர்க்கவில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்பது உங்கள் பாட்டுதானா என்று பாருங்கள். செயலிகளில் மறுபதிவுகளும், வேறு குரலில் பாடியவையும், மேடைப் பதிவுகளும் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. ‘7ஜி ரெயின்போ காலனி’ படத்தில் ஒரே மெட்டில் இரண்டு பாட்டுகள் உண்டு. கே.கே. பாடியது ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’. ஸ்ரேயா கோஷல் பாடியது ‘நினைத்து நினைத்துப் பார்த்தால்’. 2004ல், கல்லூரி மூன்றாம் ஆண்டில், திருச்சி விடுதி அறையில் இரவு முழுக்க ஓடியது கே.கே. குரல். செயலி எனக்குக் கொடுத்தது ஸ்ரேயா கோஷல். இரண்டு வரி கேட்டபிறகுதான் எதுவும் நடக்காததன் காரணம் புரிந்தது. பாடகர் பெயரைப் பார்த்து எடுங்கள். ஆண்டை நம்ப வேண்டாம், தொகுப்பு ஆல்பங்களில் தொகுத்த ஆண்டைத்தான் போட்டிருப்பார்கள்.

படி 4: ஏ பக்கம்

ஆறு இடம். முதல் இடத்தை நீங்கள் பிறந்த ஆண்டின் பாட்டுக்குக் கொடுங்கள். உங்கள் அம்மா உங்களை மடியில் வைத்திருந்தபோது தெருவில் ஒலித்த பாட்டு அது. ‘இடம், ஆள்’ விதியிலிருந்து இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு. 1985 என்றால் தேட வேண்டியதே இல்லை. ‘முதல் மரியாதை’யும் ‘சிந்து பைரவி’யும் அந்த ஆண்டு வந்தவை. நான் எடுத்தது ‘பூங்காற்று திரும்புமா’. வயதேறிய ஒரு மனிதர், போனது திரும்புமா என்று கேட்கும் பாட்டு. மலேசியா வாசுதேவனும் எஸ்.ஜானகியும் பாடியது. 1944ல் பிறந்த மலேசியா வாசுதேவன் அதைப் பாடும்போது ஏறக்குறைய என் இப்போதைய வயதில் இருந்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டபோது அந்தக் குரலில் இருக்கும் களைப்பு எனக்கு முதல் முறையாகப் புரிந்தது. நீங்கள் 1986 என்றால் ‘மௌன ராகம்’ இருக்கிறது.

இரண்டாவது, ‘சின்னச் சின்ன ஆசை’. 1992, ‘ரோஜா’. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்போம். ஏழு வயது. மின்மினியின் குரல் வந்ததும் சத்தம் நின்றுவிடும். மூன்றாவது, ‘அலைபாயுதே’யில் ஸ்வர்ணலதா பாடிய ‘எவனோ ஒருவன் வாசிக்கிறான்’. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மொட்டைமாடியில் படித்தபோது எதிர்வீட்டு அக்கா திரும்பத் திரும்பப் போட்டது. நான்காவது ‘முஸ்தபா’. ஐந்தாவது, கே.கே.யின் ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’.

காதல் தோல்விப் பாட்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். முதல் வரைவில் வரிசையாக நான்கு வைத்திருந்தேன். கேட்டு முடித்தபோது, நடந்ததைவிடப் பெரிய சோகம் ஒன்றை நானே கட்டி எழுப்பியிருந்தேன். அந்த வயதில் சைக்கிள் இருந்தது, கிரிக்கெட் இருந்தது, திருச்சி ஜங்ஷன் டீக்கடை இருந்தது. நான்கு சோகப் பாட்டுகள் சேர்ந்து அதையெல்லாம் மறைத்துவிட்டன. வரிசையில் எந்த உணர்வும் இரண்டு முறை தொடர்ந்து வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ஆறாவது இடம் கேசட்டைத் திருப்பிப் போடும் இடம். அங்கே ‘ரா ரா ராமையா’வை வைத்தேன். அதுவரை நான்கு பாட்டுகள் மெதுவானவை, திடீரென்று ஆட்டம். ஐந்தாவது எட்டு முடிந்து ஆறாவது எட்டைப் பாட்டே திறந்துவைக்கிறது. இதற்குப் பதில் வேறு பாட்டு வைப்பதானால், காலத்தைப் பற்றிப் பேசுவதாகவும் காலை ஆட வைப்பதாகவும் இருக்கட்டும்.

படி 5: பி பக்கம்

மொத்த வேலையிலும் கடினமானது இதுதான். நம்பிக்கைப் பாட்டு என்றதும் கதாநாயகன் கையை உயர்த்தும் பாட்டுகள் வரிசையாக நினைவுக்கு வரும். ‘அண்ணாமலை’யின் ‘வெற்றி நிச்சயம்’ எனக்கு ஏழு வயதிலிருந்து மனப்பாடம். இன்றும் கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் ஒரே பாட்டில் பால்காரர் செல்வந்தராகும் நம்பிக்கை இருபது வயதுக்கானது. நாற்பதில் நமக்கு எவ்வளவு ஆண்டு ஆகும், எது நடக்காமல் போகும் என்று கொஞ்சம் தெரியும். அந்தப் பாட்டு முடிந்ததும் அறை வெறுமையாக இருந்தது.

நான் கண்டுபிடித்த வழி இது. நம்பிக்கையைச் சத்தமாகச் சொல்லும் பாட்டைத் தேடாதீர்கள். ஒரு கெட்ட காலத்தில் உங்களை ஏற்கெனவே தாங்கிய பாட்டைத் தேடுங்கள். அது ஒரு முறை தாங்கியிருக்கிறது என்பதால்தான் இனியும் தாங்கும் என்று மனம் ஏற்கிறது. இதற்குச் சோதனையும் எளிது. பாட்டின் பல்லவியில் கஷ்டத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கஷ்டத்தை ஒப்புக்கொள்ளாத நம்பிக்கைப் பாட்டு நாற்பதில் ஒட்டாது.

முதல் இடம் ‘மயக்கமா கலக்கமா’. ‘சுமைதாங்கி’, 1962, கண்ணதாசன். தொடங்குவதே மனக்குழப்பத்தைக் கேள்வியாகக் கேட்டுத்தான். இது என் அப்பாவின் பாட்டு. 2020ல் எனக்கு வேலை போனது. அப்பா இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு மாலை சமையலறையில் பாத்திரம் கழுவும்போது நான் அறியாமல் அதைப் பாடிக்கொண்டிருந்தேன், அப்பா பாடும் அதே தப்பான தாளத்தில். பி.பி.ஸ்ரீனிவாஸ் அதில் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுகிறார்.

இந்தப் பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டுக் கிளம்ப இருந்த நாளில் பி.பி.ஸ்ரீனிவாஸ் இதைப் பாடிக் காட்டியதாகவும், கேட்டபின் ஊருக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டதாகவும் கவிஞர் வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். 1931ல் பிறந்த வாலிக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தது. முப்பத்து நான்கு ஆண்டு கழித்து, அறுபத்து நான்கு வயதில் அவர் எழுதிய பாட்டுதான் ஏ பக்கத்தில் இருக்கும் ‘முஸ்தபா முஸ்தபா’. கல்லூரிப் பிள்ளைகளின் நட்பைப் பற்றி அத்தனை பேர் பாடிய பாட்டை எழுதியவர் ஒரு தாத்தா வயதுக்காரர். இதை அறிந்தபிறகு எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. உங்கள் வரிசையிலும் இப்படி ஒரு முடிச்சு இருக்கும். எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் அப்போது என்ன வயதில் இருந்தார்கள் என்று பாருங்கள்.

அடுத்தது ‘ஒவ்வொரு பூக்களுமே’. ‘ஆட்டோகிராப்’ படத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். பா.விஜய்க்கும் கே.எஸ்.சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. படத்தில் பார்வையற்ற கலைஞர்களின் இசைக்குழுவோடு மேடையில் பாடப்படும். பள்ளி விழாக்களில் அதிகம் ஒலித்துத் தேய்ந்துவிட்ட பாட்டு என்று முதலில் தள்ளியிருந்தேன். முழுதாகக் கேட்டபோது சரணங்கள் தேயாமல் இருந்தன. நாம் எங்கும் கேட்பது பல்லவி மட்டும்தானே.

மூன்றாவது, மனைவி நினைவுபடுத்திய பாட்டு. ‘தங்க மீன்கள்’ படத்தின் ‘ஆனந்த யாழை மீட்டுகிறாய்’. 2013ல் படம் வந்தது, 2014ல் மகள் பிறந்தாள். ஸ்ரீராம் பார்த்தசாரதி பாடியது, யுவன் இசை. எழுதிய நா.முத்துக்குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’ எழுதியவரும் அவர்தான். என் இருபதையும் முப்பதையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார். 2016 ஆகஸ்டில் அவர் காலமானபோது வயது 41. ஏ பக்கத்தின் ஸ்வர்ணலதா 37 வயதில் போய்விட்டார். பிறந்தநாள் இரவில் இதையெல்லாம் நினைக்க வேண்டுமா என்று மனைவி கேட்டாள். நினைக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர்களுக்குக் கிடைக்காத ஆண்டுகள் எனக்கு இனிமேல்தான் தொடங்குகின்றன. அதை அறிந்து கேட்டபோது அந்தத் தாலாட்டு சோகமாக இல்லை.

நான்காவது, ‘96’ படத்தில் பிரதீப் குமார் பாடிய ‘கரை வந்த பிறகே’. கார்த்திக் நேத்தா எழுதியது, கோவிந்த் வசந்தா இசை. பள்ளித் தோழர்கள் இருபது வருடம் கழித்துச் சந்திக்கும் படம். ஆனால் இந்தப் பாட்டு படத்தின் தொடக்கத்தில், யாரையும் சந்திப்பதற்கு முன்பே வருகிறது. தனியாக இருக்கும் நடுவயது மனிதன் ஒருவன் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிறான். அவனுக்கு எதுவும் கைகூடவில்லை, ஆனாலும் நிம்மதியாக இருக்கிறான். ஆறாவது எட்டுக்கு உலகம் சுற்றச் சொன்ன ராமையா பாட்டுக்கு இது பதில் மாதிரி எனக்குத் தோன்றும். உங்கள் வாழ்க்கை அட்டவணைப்படி நடக்கவில்லை என்றால், பி பக்கத்தின் நடுவில் இதை வையுங்கள்.

ஐந்தாவது, 1993ன் ‘புத்தம் புது பூமி வேண்டும்’. இது இரண்டாவது பெட்டிப் பாட்டு, ஏ பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இடம் மாற்றியதற்குக் காரணம், எட்டு வயதில் நான் வேண்டிக்கொண்டதும் இப்போது மகளுக்காக வேண்டிக்கொள்வதும் அந்தப் பாட்டில் ஒன்றாகவே இருக்கின்றன. பக்கம் மாறத் தயாராக இருக்கும் பாட்டு ஒன்றாவது உங்கள் பட்டியலில் இருக்கும். ஏக்கமாகக் கேட்டுப் பாருங்கள், வேண்டுதலாகவும் கேட்டுப் பாருங்கள். எப்படிக் கேட்கும்போது தொண்டை அடைக்கிறதோ அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

ஆறாவது இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலத்துக் கேசட்டில் பாட்டு முடிந்தபின் கொஞ்சம் வெற்று நாடா ஓடும், அப்படி.

படி 6: ஒட்டுதலும் ஒலியும்

1962ன் பதிவும் 2018ன் பதிவும் அடுத்தடுத்து வந்தால் ஒலியளவு எகிறும். செயலியின் அமைப்புகளில் ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது கலந்து தொடங்கும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். ‘பூங்காற்று திரும்புமா’வின் முடிவின் மேல் வேறு இசை ஏறினால் செய்த வேலை எல்லாம் வீண். தானாகவே அடுத்தடுத்துப் பாட்டுகளைச் சேர்க்கும் வசதியையும் நிறுத்துங்கள். பதினோராவது பாட்டுக்குப் பின் அமைதி வர வேண்டும்.

வேகத்தையும் ஒரு முறை பாருங்கள். மெதுவான பாட்டுகள் மூன்று தொடர்ந்து வந்தால் கேட்பவர் கைபேசியை எடுப்பார். என் பி பக்கம் அப்படித்தான் இருந்தது. ‘மயக்கமா’ குறுகிய பாட்டு என்பதாலும் ‘ஒவ்வொரு பூக்களுமே’ நடுவில் எழுவதாலும் தப்பியது.

படி 7: கேட்கும் இரவு

முதல் தடவை தனியாக. பிறந்தநாளுக்கு முந்தைய இரவு நல்ல நேரம். ஏ பக்கம் முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், கேசட்டைத் திருப்பிப் போடும் நேரம் அது. அப்போது மனம் மிகவும் கனத்துவிட்டால் பி பக்கத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால், அவருடைய பாட்டை இந்த வருடம் சேர்க்காமல் விடுவதே நல்லது. அப்பாவின் பாட்டை அவர் போன அடுத்த வருடம் என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. ஐந்து வருடம் கழித்துத்தான் முடிந்தது.

இரண்டாவது தடவை வீட்டாரோடு. கேசட் அட்டையின் உள்பக்கம் எழுதுவோமே, அதுபோல ஒரு தாளில் பன்னிரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு, இடம், ஆள். ‘சின்னச் சின்ன ஆசை, பக்கத்து வீட்டுத் திண்ணை, ஆத்தா.’ அவ்வளவு போதும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், கதை தானாக வரும். பழைய காதல் ஒன்று ஒட்டியிருக்கும் பாட்டு பட்டியலில் இருந்தால், துணையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் சொன்னேன். அவளும் தன்னுடையதைச் சொன்னாள்.

எங்கள் வீட்டில் அன்று இரவு பதினோரு பாட்டும் முடிய பத்தரை மணி ஆகிவிட்டது. பதினோரு வயது மகள் தாளை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டாவது வரி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாள். இனிமேல் வரப்போகிற பாட்டுக்கு என்றேன். ‘அப்ப நான் போடட்டுமாப்பா?’ என்று என் போனை வாங்கி, எனக்குத் தெரியாத ஒரு பாட்டைப் போட்டாள். முதல் முறை கேட்டபோது மெட்டு பிடிபடவில்லை. பாட்டின் பெயரை அவளே அந்த வரியில் எழுதினாள். இடம் என்று எங்கள் வீட்டுக் கூடத்தை எழுதினாள், ஆள் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.